பில் மென்பொருளின் பொடி எழுத்தும் விண்டோஸ் உருப்பெருக்கியும்

கேள்வி: மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 15.6 அங்குல லேப்டாப், 1920 × 1080 திரை, விண்டோஸ் 11. எங்கள் பில் மென்பொருள் மிகப் பழையது. எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது. திரை அளவை 150 சதவீதமாக்கினால் கீழே இருக்கும் சேமிப்புப் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது. உருப்பெருக்கியைப் போட்டால் எல்லாம் பூதாகரமாகி இங்கும் அங்கும் ஓடுகிறது. அதில் மூன்று வகை உண்டு என்கிறார்கள். எனக்கு எது சரி?

பதில்: திரை அளவைக் கூட்டியபோது பொத்தான் மறைந்ததற்குக் காரணம் எளிய கணக்குத்தான். பழைய மென்பொருள்கள் பலவற்றின் சாளரம் மாறாத அளவு கொண்டது. உங்களுடையது 900 புள்ளி உயரம் என்று வைத்துக்கொண்டால், 150 சதவீதத்தில் அது 1350 புள்ளியாக வளர்கிறது. ஆனால் திரையின் மொத்த உயரமே 1080 தான். உருப்பெருக்கி அப்படிச் செய்வதில்லை. அது சாளரத்தின் அளவையோ பொத்தான்களின் இடத்தையோ தொடாமல், திரையில் ஏற்கெனவே வரைந்து முடிந்த படத்தின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆகவே திரை அளவை மீண்டும் 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மற்றதை உருப்பெருக்கியிடம் விடுவதே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும்.

`Windows` விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும். எண் பலகை இல்லாத லேப்டாப்பில் `=` விசையே போதும், `Shift` தேவையில்லை. `Windows` விசையுடன் கழித்தல் குறி சிறிதாக்கும். தொடக்கத்தில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் 100 சதவீதம் கூடுவதால், முதல் அழுத்தலிலேயே திரை இரு மடங்காகிவிடுகிறது. நீங்கள் பூதாகரம் என்று சொன்னது இதைத்தான். எனவே வேறெதையும் தொடுவதற்கு முன் `Windows` + `Ctrl` + `M` அழுத்தி அமைப்புப் பக்கத்தைத் திறந்து, `Zoom increment` என்பதை 25 சதவீதமாக மாற்றுங்கள். பலருக்கு 150 அல்லது 175 சதவீதமே போதுமானதாக இருக்கிறது. 200 சதவீதத்துக்கு மேல் போகும்போது கண்ணுக்குக் கிடைக்கும் நன்மையைவிட இடம் தெரியாமல் தவிக்கும் தொல்லைதான் அதிகம் என்பது என் கருத்து.

நீங்கள் தவித்தது `Full screen` என்ற முழுத்திரை முறையில்தான் என்று நினைக்கிறேன். அதில் 200 சதவீதம் என்றால் உங்கள் 1920 × 1080 திரையில் ஒரு நேரத்தில் 960 × 540 புள்ளிகள், அதாவது நான்கில் ஒரு பங்கு மட்டுமே கண்ணில் படும். 300 சதவீதத்தில் அது ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். மறைந்திருக்கும் மற்ற பகுதியைக் காட்டுவதற்காக, மவுஸை நகர்த்த நகர்த்தக் காட்சியும் நகர்கிறது. அது ஓடுவதுபோலத் தோன்றுவதற்கு ஓர் அமைப்பு காரணமாக இருக்கலாம். அமைப்புப் பக்கத்தில் `Keep the mouse pointer` என்ற இடத்தில் `Centered on the screen` என்று இருந்தால், மவுஸ் அம்புக்குறி எப்போதும் நடுவில் நிற்பதற்காக, கை சற்று அசைந்தாலும் முழுத்திரையும் அசையும். அதை `Within the edges of the screen` என்று மாற்றினால், அம்புக்குறி விளிம்பைத் தொடும்போது மட்டுமே காட்சி நகரும். தலைசுற்றல் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். அப்போதும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனால் `Ctrl` + `Alt` + `Space` அழுத்துங்கள். முழுத் திரையும் ஒரு கணம் சிறிதாகத் தெரிந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதி அதில் எங்கே இருக்கிறது என்பது புலப்படும். மவுஸைத் தொடாமல் காட்சியை நகர்த்த `Ctrl` + `Alt` விசைகளுடன் அம்பு விசைகள் உதவும். சில பழைய கணினிகளில் இதே விசைகள் திரையையே திருப்பிவிடுவதுண்டு. அப்படி நேர்ந்தால் `Ctrl` + `Alt` + மேல் அம்பு அழுத்தினால் நேராகிவிடும்.

`Lens` என்ற இரண்டாவது முறை, கையில் பூதக்கண்ணாடி பிடித்துப் படிப்பதைப் போன்றது. `Ctrl` + `Alt` + `L` அழுத்தினால் வரும். மவுஸ் அம்புக்குறியைச் சுற்றி ஒரு செவ்வகம் தோன்றி, அதனுள் மட்டும் எழுத்து பெரிதாகத் தெரியும். சொடுக்கினால் அது அம்புக்குறிக்கு நேர் கீழே இருக்கும் உண்மையான இடத்திலேயே விழும். ஒரு பொத்தானின் பெயர், நிலைப் பட்டையில் உள்ள ஓர் எண், கட்டத்தின் தலைப்பு என அவ்வப்போது ஒரு பார்வை பார்த்துவிட்டு விடுவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் இதற்கொரு மறைவான குறை உண்டு. செவ்வகம் 768 × 216 புள்ளி அளவில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். 200 சதவீதத்தில் அது காட்டுவது 384 × 108 புள்ளிகளை மட்டுமே; ஆனால் மூடி மறைப்பதோ முழு 768 × 216 புள்ளிகளை. அம்புக்குறிக்கு நெருக்கமாக உள்ளது பெரிதாகத் தெரிகிறது, அதற்கு அடுத்த வளையம் பெரிதாகவும் தெரிவதில்லை, சிறிதாகவும் தெரிவதில்லை. பில்லின் ஒரு வரியில் இடப்பக்கம் சரக்கின் பெயரும் வலப்பக்கம் தொகையும் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது இது இடறும். அத்தகைய வேலைக்குச் செவ்வகத்தை அகலமாகவும் உயரம் குறைவாகவும் வைத்துக்கொள்வது நல்லது: `Shift` + `Alt` விசைகளுடன் இட, வல அம்புகள் அகலத்தையும், மேல், கீழ் அம்புகள் உயரத்தையும் மாற்றும்.

பில் போடும் உங்கள் அன்றாட வேலைக்கு நான் பரிந்துரைப்பது `Ctrl` + `Alt` + `D` அழுத்தினால் வரும் `Docked` முறையைத்தான். திரையின் ஓர் ஓரத்தில் பெரிதாக்கிய காட்சிக்கென ஒரு பட்டை ஒதுக்கப்படும்; மற்ற இடத்தில் மென்பொருள் இயல்பான அளவிலேயே இருக்கும். முழுப் படிவமும் கண்முன் இருப்பதால் இடம் தவறாது. தட்டெழுதும் பகுதி பட்டையில் பெரிதாகத் தெரியும்.

ஆனால் பட்டை வழக்கமாக மேல் ஓரத்தில்தான் வந்து உட்காரும். அங்கே உங்கள் பழைய பிரச்சினை வேறு வழியில் திரும்பி வரக்கூடும். திரை உயரம் 1080, அதில் பணிப்பட்டைக்கு 48 போக மிஞ்சுவது 1032. பட்டை 200 புள்ளி உயரம் எடுத்துக்கொண்டால் மென்பொருளுக்குக் கிடைப்பது 832 மட்டுமே. 900 புள்ளி உயரச் சாளரத்தின் அடியில் 68 புள்ளிகள் வெளியே போய்விடும், அத்துடன் சேமிப்புப் பொத்தானும் போகும். பட்டையின் விளிம்பைப் பிடித்து இழுத்து 132 புள்ளிக்குள் அடக்கினால் பொத்தான் தப்பும். ஆனால் 200 சதவீதத்தில் அந்தப் பட்டையில் 66 புள்ளி உயரம்தான் தெரியும், அதாவது ஏறத்தாழ மூன்று வரிகள். அகலத்திரை லேப்டாப்பில் மிச்சமிருப்பது பக்கவாட்டு இடம்தான். உங்கள் சாளரம் 1200 புள்ளி அகலம் என்றால் பக்கத்தில் 720 புள்ளிகள் சும்மா கிடக்கின்றன. பட்டையின் உட்பகுதியைப் பிடித்து இடது ஓரத்துக்கு இழுத்து, 600 புள்ளி அகலத்தில் நிறுத்தினால், 200 சதவீதத்தில் 300 × 516 புள்ளிகள் கொண்ட ஒரு பகுதி பெரிதாகத் தெரியும். சரக்கின் பெயர், அளவு, விலை ஆகிய கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் படிவத்துக்கு இந்த நெட்டையான பட்டை கச்சிதமாக அமையும். எல்லாம் ஒரே நீண்ட வரியில் இருந்தால் மேல் ஓரமே நல்லது. அப்போது பெருக்கத்தை 150 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டை எதைப் பின்தொடர வேண்டும் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அமைப்புப் பக்கத்தில் `Have Magnifier follow my` என்பதன் கீழே `Mouse pointer`, `Keyboard focus`, `Text cursor` ஆகிய மூன்றையும் தேர்ந்திருந்தால், `Tab` விசையால் அடுத்த கட்டத்துக்குப் போகும்போது பட்டையும் கூடவே போகும். உங்கள் மென்பொருளில் அது நகராமல் நின்றுவிட்டால் உடனே உருப்பெருக்கியைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸின் அமைப்புப் பக்கத்திலேயே `Tab` அழுத்திப் பாருங்கள். அங்கே பின்தொடர்ந்து, உங்கள் மென்பொருளில் மட்டும் தொடராவிட்டால், அந்த மென்பொருள் தன் கட்டங்களைத் தானே வரைந்துகொண்டு, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை விண்டோஸுக்குத் தெரிவிப்பதில்லை என்று பொருள். அதை வெளியிலிருந்து திருத்த முடியாது. அந்தக் கட்டத்தின் மேல் மவுஸை வைத்துவிட்டுத் தட்டெழுதுவதே வழி.

எழுத்து பெரிதானாலும் கூர்மையாகாததைக் கண்டு பலர் ஏமாற்றமடைகிறார்கள். வரைந்து முடிந்த புள்ளிகளைத்தான் உருப்பெருக்கி நீட்டுகிறது. ஒன்பது புள்ளி உயரத்தில் வரைந்த எழுத்தை 400 சதவீதத்துக்குப் பெருக்கினாலும் அதிலுள்ள தகவல் அதே ஒன்பது புள்ளிதான். மென்பொருள் தமிழில் இருந்தால் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் உள்ள சுழி வேறுபாடும், மெய்யெழுத்தின் புள்ளியும் அந்தச் சிறிய அளவில் ஏற்கெனவே கரைந்துபோயிருக்கலாம்; எவ்வளவு பெருக்கினாலும் அவை மீளா. எண்களில் 3, 8 குழம்பினால் `Smooth edges of images and text` என்பதை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். விளிம்புகள் சொரசொரப்பாகும், ஆனால் மங்கல் நீங்குவதால் சிலருக்கு எண் தெளிவாகிறது. எழுத்தின் ஓரங்களில் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடுகள் தெரிந்தால் திரை கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். எழுத்தை மென்மையாக்க விண்டோஸ் பூசும் வண்ணம் பெரிதாகித் தெரிகிறது, அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் `Windows` + `Esc` அழுத்தி உருப்பெருக்கியை மூடுங்கள். 100 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டால் மூடிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பின்னணியில் இயங்கிக்கொண்டு, மேலே சொன்ன `Ctrl` + `Alt` விசைகளையெல்லாம் தன் வசமே வைத்திருக்கும். வேர்டில் குறிப்புரை சேர்க்க `Ctrl` + `Alt` + `M` அழுத்தினால் குறிப்புரை வராமல் உருப்பெருக்கியின் முறை மாறுகிறதென்றால் அது இன்னும் திறந்திருக்கிறது. மாறாக, முழுத்திரைக்காக `Ctrl` + `Alt` + `F` அழுத்தும்போது வேர்டில் அடிக்குறிப்பு ஒன்று முளைத்தால், உருப்பெருக்கி இன்னும் திறக்கப்படவே இல்லை.