வேட்டியின் வெள்ளையும் மரத்தடி அழுக்கும்

ஐயா, வணக்கம். ஆறு மாதமாக நீர்வண்ணம் பழகுகிறேன். திருவையாற்றுப் படித்துறையில் வேட்டிகள் காயும் காட்சியை நேரில் உட்கார்ந்து வரைந்தேன். படத்தை இணைத்திருக்கிறேன். வானம் திட்டுத்திட்டாகிவிட்டது. வேட்டிகள் வெள்ளையாகத் தெரியவில்லை என்று மேலே வெள்ளை போஸ்டர் கலரைப் பூசினேன், அப்போதும் எடுபடவில்லை. மரத்தடி நிழலை எவ்வளவு சரிசெய்தாலும் அழுக்காகவே இருக்கிறது. மலிவான வண்ணங்கள்தான் காரணமா? எந்த நிறுவனத்தின் வண்ணங்களை வாங்கலாம்?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

ஈரமாக இருக்கும் தாளைத் தொடாமல் விட்டுவைப்பது பழகுநர்களுக்கு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று அண்மைக்காலமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் படம் வந்தது. படிகள் ஆற்றுக்குள் இறங்கும் கோணம் சரியாக வந்திருக்கிறது, கொடிக்கயிற்றின் தொய்வும் அழகு. அவற்றைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

உங்கள் வானத்தில் இருப்பவை இரண்டு வெவ்வேறு பிழைகள். இடப்பக்கம் குறுக்கே ஓடும் கோடுகள், கலந்துவைத்த நீலம் பாதியில் தீர்ந்துபோய், நீங்கள் மறுபடி கலந்துகொண்டு வருவதற்குள் விளிம்பு காய்ந்துவிட்டதால் விழுந்தவை. தேவைப்படும் என்று தோன்றுவதைப் போல இரண்டு மடங்கு கலந்து வைத்துக்கொண்டு, பலகையை லேசாகச் சாய்த்து, ஒவ்வொரு இழுப்பின் கீழ்விளிம்பிலும் தேங்கும் நீர்வரியை அடுத்த இழுப்பு கீழே கொண்டுபோகும்படி வரைந்தால் அவை வரமாட்டா. கடைசியில் தேங்குவதைப் பிழிந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வலப்பக்க மூலையில் காலிஃபிளவர் விளிம்போடு விரிந்திருக்கிறதே ஒரு திட்டு, அதுதான் நான் பேச விரும்பும் விஷயம். அங்கே நிறம் கூடிவிட்டதாக நினைத்து ஈரப் பிரஷ்ஷோடு திரும்பிப் போயிருக்கிறீர்கள். தாளில் மினுமினுப்பு அடங்கிய பிறகு, அதிலுள்ள ஈரத்தைவிட அதிக நீரோடு ஒரு பிரஷ் வந்தால், புதிய நீர் சுற்றிலும் பரவி அங்கிருந்த நிறத்துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள்: பளபளக்கும்வரை உள்ளே நிறம் விடலாம், பளபளப்புப் போய்த் தாள் இன்னும் சில்லென்று இருக்கும் வேளையில் எதையும் செய்யக் கூடாது. புறங்கையை வைத்தால் சில்லிடாமல் இருக்கும்போதுதான் அடுத்த வேலை.

வெள்ளைக்கு வருகிறேன். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான், அதை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் மூன்று வேட்டிகளையும் அப்படியே விட்டுவிட்டு, பிறகு மடிப்புகள் தெரியவில்லையே என்று சாம்பலைத் தடவி, அது அழுக்காகிவிட்டது என்று போஸ்டர் கலரைப் பூசியிருக்கிறீர்கள். அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1910இல் வரைந்த ‘லா பியாங்கெரியா’ என்ற நீர்வண்ணப் படம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பொருளும் கொடியில் காயும் வெள்ளைத் துணிகளே. தேடிப் பாருங்கள்: அந்தத் துணிகளில் பெரும்பகுதி வெள்ளையே அல்ல; நீலமும் ஊதாவும் இளமஞ்சளும். வெயில் நேராக விழும் இடங்கள் மட்டுமே பளிச்சென்று இருக்கின்றன. உங்கள் படத்தில் வெயில் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே ஒவ்வொரு வேட்டியிலும் வலது ஓரத்தையும் மேல்மடிப்பையும் மட்டும் பென்சிலால் குறித்துத் தாளாக விட்டுவிட்டு, மீதி முழுவதையும் நீர்த்த நீலஊதாவால் ஒரே தடவையில் மூடியிருக்க வேண்டும். பின்னாலிருக்கும் வாழைத்தோப்பை நீங்கள் துணிந்து கருக்கியிருந்தால் விட்டுவைத்த அந்தக் கீற்று தானாகவே ஒளிரும். பக்கத்தில் இருட்டு இல்லாத இடத்தில் எந்த வெள்ளையும் எடுபடாது. நிறம் படாமல் தாளை மூடிவைத்துப் பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் கொடிக்கயிற்றுக்கு உதவும், வேட்டிக்கு வேண்டாம். அது விட்டுப்போகும் விளிம்பு துணிக்கு மிகக் கூர்மையானது.

அந்த போஸ்டர் கலர் இன்னொரு தீங்கையும் செய்திருக்கிறது. வேட்டிக்குப் பிறகு வரைந்ததாகத் தெரிகிற கீழ்ப்படிகள் எல்லாம் சுண்ணாம்பு கலந்தது போல வெளிறியிருக்கின்றன, மேல்படிகளோ தெளிவாக இருக்கின்றன. வெள்ளை தோய்ந்த பிரஷ்ஷை அலசிய அதே நீரில் தொடர்ந்து வேலை செய்திருக்கிறீர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. நீருக்கு இரண்டு பாத்திரம் வையுங்கள்.

இப்போது மரத்தடி. பச்சையும் பழுப்பும் சேர்ந்தால் அழுக்காகும், மூன்று நிறத்துக்குமேல் கலந்தால் அழுக்காகும் என்றெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. உங்கள் பெட்டியிலுள்ள அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் தட்டில் கலந்து ஒரே இழுப்பில் தாளில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். எதிரெதிரான நிறங்கள்தாம், ஆனால் காய்ந்த பிறகு கிடைப்பது சுத்தமான, ஆழமான சாம்பல். அதே கலவையை அரைஈரத்தில் நான்கு முறை தேய்த்துப் பாருங்கள், அழுக்கு வந்துவிடும். நிறங்கள் அவைதாம், தாளும் அதுதான். ஒளி மெல்லிய நிறப்படலத்தின் வழியே போய் வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்புவதால்தான் நீர்வண்ணம் மிளிர்கிறது. அரைஈரத்தில் தேய்க்கும்போது கீழடுக்கு கிளம்பி மேலடுக்கோடு குழம்புகிறது, தாளின் மேற்பரப்பிலிருக்கும் பசை தேய்ந்து நார் எழும்புகிறது, துகள்கள் அந்த நாருக்குள் புதைந்து ஒளியின் வழியை அடைத்துவிடுகின்றன. உங்கள் மரத்தின் அடியில் சின்னச்சின்ன உருண்டைகள் திரண்டிருப்பதைப் புகைப்படத்திலேயே பார்க்கிறேன். அந்த இடத்தில் இனி எந்த நிறுவனத்தின் வண்ணத்தை வைத்தாலும் அது மிளிராது.

நான் படித்த காலத்தில் மாமல்லபுரத்துக்கு வரைய அழைத்துப்போகும் ஆசிரியர் ஒருவர், நிழலுக்கான வாஷ், அதாவது நீர்த்த நிறப்பூச்சு, போட்டு முடித்தவுடன் எங்கள் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு கையில் தேநீர் கிளாஸைக் கொடுத்துவிடுவார். குடித்து முடிக்கும்வரை தாளின் பக்கம் திரும்பக்கூட விடமாட்டார், முணுமுணுத்தால் இன்னொரு கிளாஸ் வரும். கடல் காற்றில் தாள் காய நேரமாகும், அதற்கும் சேர்த்துத்தான் அந்தத் தேநீர் என்பது பின்னால் புரிந்தது.

நீங்கள் திரும்பத் திரும்பத் தொட்டதற்கு உண்மையான காரணம் பயம் என்று நினைக்கிறேன். நீர்வண்ணம் காயும்போது வெளிறும். முதல் வாஷை நீர்க்கப் போட்டுவிட்டு, அது வெளிறியதைக் கண்டு பதறி, மேலே மேலே ஏற்றியிருக்கிறீர்கள், கடைசியில் கருப்பையும் எடுத்திருக்கிறீர்கள். நிழல் விழும் இடம் முழுவதிலும் முதலில் இளம்பச்சை மஞ்சளை விட்டு முற்றிலும் காயவிடுங்கள். பிறகு அல்ட்ராமரைனும் சியன்னாவும் கொஞ்சம் பச்சையும் கலந்து, ஈரத்தில் பார்க்கும்போது அளவுக்கு மீறிய கருமையாகத் தோன்றும் ஒரு கலவையை, பெரிய பிரஷ்ஷால் ஒரே தடவையில் பூசுங்கள். அது பளபளக்கும்போதே வேர்ப்பக்கம் சியன்னாவையும் வெளிவிளிம்பில் நீலத்தையும் ஒரு சொட்டு விட்டுவிட்டு எழுந்துபோய்விடுங்கள். தவறு தெரிந்தால் பளபளப்பு இருக்கும்வரை டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம். அது போய்விட்டால் முழுக்கக் காயும்வரை பொறுத்திருந்து, பிறகு சுத்தமான நீரால் நனைத்து மெல்ல எடுக்கலாம். தேலோ நீலம், தேலோ பச்சை போன்றவை தாளில் ஊறிப்பிடிப்பவை, அவை அப்படிக்கூட முழுதாக வராது.

வண்ணம் வாங்க வைத்திருக்கும் பணத்தில் 300 ஜிஎஸ்எம் காட்டன் தாள் வாங்குங்கள். ஒரு முழுத்தாளை நான்காக வெட்டினால் இந்தப் படத்துக்குப் போதும். வெள்ளை போஸ்டர் கலரை வீட்டிலேயே வைத்துவிட்டு அதே படித்துறைக்குப் போய், இந்த முறை வேட்டிகளையும் மரத்தடியையும் மட்டும் வரைந்து அனுப்புங்கள்.