பிரமிளின் இறகு: சாவா, வாழ்வா?

“பிரமிளின் ‘காவியம்’ கவிதை பறவையின் சாவைச் சொல்கிறது என்கிறான் நண்பன். எனக்கு அப்படிப் படவில்லை. கவிதையை வைத்தே எப்படி வாதாடுவது?”

கவிதை இவ்வளவுதான்: ‘சிறகிலிருந்து பிரிந்த இறகு ஒன்று காற்றின் தீராத பக்கங்களில் ஒரு பறவையின் வாழ்வை எழுதிச் செல்கிறது.’ உங்கள் நண்பரின் பிடி ‘பிரிந்த’ என்ற சொல்லில் இருக்கிறது. உயிர் பிரிந்தது என்போமே, அந்த நிழல் அதில் உண்டு. முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே சிறகிலிருந்து பிரிவது இறகுதான். பறக்கிற பறவைக்கும் இறகு உதிரும்.

அப்புறம் வினைக்கு வாருங்கள். ‘எழுதிச் செல்கிறது’ நிகழ்காலம், இன்னும் முடியவில்லை. எழுதப்படுவது ‘வாழ்வை’. காற்றின் பக்கங்களோ ‘தீராத’வை. சாவென்று படிப்பவர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

‘ஒரு பறவையின்’ என்பதை மட்டும் சான்றாக நீட்டாதீர்கள். இறகை இழந்த அதே பறவையா, வேறொரு பறவையா? இரண்டு பக்கமும் இழுக்கலாம்.