நோட்ஸ் எடுப்பது எப்போதும் நான்தானா?

"டீமில் ஆறு பேர், நான் மட்டும் பெண். மீட்டிங்கில் 'நோட்ஸ் யார் எடுக்கிறீங்க?' என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். எப்படி மறுப்பது?"

மறுக்க வேண்டாம், அந்தக் கேள்வியே எழாதபடி செய்யுங்கள். 2017இல் அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில், யாரும் விரும்பாத வேலையைச் செய்யப் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்தபோது அவர்களே செய்துகொண்டார்கள். அதனால் அகரவரிசையில் முறை வைத்து, மீட்டிங் அழைப்பிலேயே அந்த வாரப் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் வாரம் ஒருவர் நாலு வரி கிறுக்கிவிட்டு, "உங்க நோட்ஸ்தான் அழகா இருக்கும்" என்றார். (அழகாம்!) திருத்திக் கொடுக்க உட்கார்ந்துவிடாதீர்கள். "டெலிவரி தேதி என்ன முடிவாச்சு, இதில் காணோமே?" என்று அவரிடமே கேளுங்கள். நான் அப்படிக் கேட்டதும், அடுத்த முறை அவர் ஒழுங்காக எழுதினார்.