உதவி மேலாளர் தொழிலாளியா?

கேள்வி: ஓசூரில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். முதல் ஆறு ஆண்டுகள் சி.என்.சி. டெக்னீசியன், பிறகு ‘உதவி மேலாளர் (உற்பத்தி)’ என்று பதவி உயர்வு தந்தார்கள். சம்பளம் கூடியது, வேலை பெரிதாக மாறவில்லை. என் ஷிப்டில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கடந்த மாதம் விசாரணை ஏதுமின்றி, ஒரு மாதச் சம்பளத்தைத் தந்து, இனி வரவேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவேன் என்றேன். ‘நீங்கள் மேனேஜ்மென்ட் ஸ்டாஃப், அங்கே உங்களுக்கு இடமில்லை’ என்கிறார் மனிதவள அதிகாரி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 28,000 ரூபாய். அவர் சொல்வது சரியா?

பதில்: அவர் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் அவர் சொல்லும் காரணத்தால் அல்ல. அடையாள அட்டையில் அச்சிட்ட பதவிப்பெயர் இந்தக் கேள்வியைத் தீர்ப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறது. நீங்கள் அன்றாடம் முதன்மையாக என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் தீர்க்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ‘பெரிதாக மாறவில்லை’ என்ற இரண்டே சொற்கள்தான் உள்ளன. உங்கள் வழக்கு முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள்தான் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருந்தாலும், தொழிலாளி யார் என்ற இலக்கணத்தின் அமைப்பை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறது. உடலுழைப்பு, திறன் சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை, இயக்க வேலை, எழுத்தர் வேலை, மேற்பார்வை வேலை ஆகியவற்றில் ஒன்றைச் சம்பளத்துக்குச் செய்பவர் தொழிலாளி. முதன்மையாக மேலாண்மை அல்லது நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர், என்ன சம்பளம் வாங்கினாலும், வெளியே. மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெற்றால் வெளியே. இந்த வரம்பு 1956-இல் 500 ரூபாயாக இருந்தது. பிறகு 1,600 ஆகி, 2010-இல் 10,000 ஆனது. இன்றைய சம்பளங்களை வைத்துப் பார்த்தால் 18,000 என்பதும் பெரும்பாலான மேற்பார்வையாளர்களை வெளியே நிறுத்தும் தொகைதான்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சம்பள வரம்பு மேற்பார்வை வேலைக்கு மட்டுமே பொருந்தும். தொழில்நுட்ப வேலையோ இயக்க வேலையோ செய்பவருக்கு இந்த இலக்கணத்தில் சம்பள வரம்பே கிடையாது. இந்தக் காரணத்தால்தான் பெரிய சம்பளம் வாங்கும் விமானிகளைக்கூட டெல்லி உயர் நீதிமன்றம் தொழிலாளிகள் என்று ஏற்றது. ஆகவே உங்கள் 28,000 ரூபாய் உங்களுக்கு எதிரானதல்ல, நீங்கள் முதன்மையாக மேற்பார்வையாளர் என்று நிறுவப்படாத வரை. நிறுவப்பட்டுவிட்டால் உங்கள் கதை அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியானால் எது மேற்பார்வை? 1969-70 காலகட்டத்தில் கல்கத்தா நாளிதழ் நிறுவனம் ஒன்றின் வருங்கால வைப்புநிதிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மூத்த எழுத்தர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவருக்குக் கீழே எழுத்தர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வேலையை அவர் பார்த்துக்கொண்டார். ஆனால் முதன்மை வேலை எழுத்தர் வேலை என்றால், இடையிடையே கொஞ்சம் மேற்பார்வை செய்வதால் ஒருவர் மேற்பார்வையாளர் ஆகிவிடமாட்டார். முதன்மை வேலை மேற்பார்வை என்றால், இடையிடையே கொஞ்சம் எழுதுவதால் அவர் எழுத்தர் ஆகிவிடவும் மாட்டார் என்று கூறி நீதிமன்றம் அவரைத் தொழிலாளியாகவே ஏற்றது. 1984-இல் வந்த இன்னொரு வழக்கில், ஒரு தொழிற்சாலை வாசலில் காவலர்களை வேலைக்கு நிறுத்தும் பாதுகாப்பு ஆய்வாளருக்கு, யாரையும் நியமிக்கவோ நீக்கவோ விசாரணை நடத்தவோ அதிகாரம் இல்லை என்பதை முக்கியமாகப் பார்த்தார்கள், அவரும் தொழிலாளிதான். 1988-இல், உள் தணிக்கைப் பணியில் இருந்தவர் விஷயத்தில், தவறைக் கண்டு மேலே அறிக்கை அனுப்புவது வேறு, நிறுவனத்தின் சார்பில் முடிவெடுப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார்கள்.

இவற்றை உங்கள் ஷிப்டுக்குக் கொண்டுவருவோம். பன்னிரண்டு பேர் உங்களிடம் இருந்தார்கள் என்பது எண்ணிக்கை; அது அதிகாரமல்ல. எட்டு மணி நேர ஷிப்டில் நீங்கள் எந்திரத்துக்கு செட்டிங் போட்டது, டூல் மாற்றியது, முதல் துண்டை அளந்து பார்த்தது, பழுதானதைக் கண்டுபிடித்தது எல்லாம் எத்தனை மணி நேரம்? ஆட்களை வேலைக்குப் பிரித்தது, நேரத்துக்கு வந்தார்களா என்று பார்த்தது எத்தனை மணி நேரம்? ஒருவர் விடுப்பு கேட்டால் நீங்கள் கையெழுத்துப் போட்டதோடு முடிந்ததா, அல்லது பரிந்துரை எழுதி ஷிப்ட் மேலாளருக்கு அனுப்பினீர்களா? தவறு செய்தவருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தது உங்கள் பெயரிலா? ஆண்டு மதிப்பீட்டில் அவர்களுக்கு மதிப்பெண் போட்டது நீங்களா, அந்த மதிப்பெண்ணால் அவர்களுடைய ஊதிய உயர்வு மாறியதா? முதல் கேள்விக்கான விடை பெரும்பகுதி நேரம் எந்திரத்தின் அருகே என்றும், பின்வந்தவற்றுக்கு ‘பரிந்துரை மட்டுமே’ என்றும் இருந்தால், நீங்கள் மேலாளர் பட்டம் ஒட்டப்பட்ட டெக்னீசியன், தொழிலாளி. மாறாக மெமோக்களில் உங்கள் கையெழுத்து இருந்து, மதிப்பெண்ணும் நீங்களே போட்டிருந்தால், அந்தக் காகிதங்களை நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர் உங்கள் குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றாக நீட்டுவார்.

எல்லாருக்கும் சாதகமாகவே தீர்ப்பு வரும் என்று எண்ணிவிடவும் கூடாது. நான் தொழிலாளி என்று நிறுவும் சுமை கேட்பவர் தலையில்தான் விழுகிறது. விதிவிலக்குகளில் வராதவர் எல்லாரும் தொழிலாளி என்ற வாதத்தை 1994-இல் அரசியல் சாசன அமர்வு ஒன்று, மருந்து நிறுவன விற்பனைப் பிரதிநிதிகள் வழக்கில், ஏற்கவில்லை. இலக்கணத்தில் சொல்லப்பட்ட வேலை வகைகளில் ஒன்றுக்குள் நீங்கள் வருகிறீர்கள் என்று காட்டியாகவேண்டும். அதனால் உங்கள் மனுவில் ‘நான் மேலாளர் அல்ல’ என்று எழுதுவது போதாது. ‘நான் செய்தது தொழில்நுட்ப வேலை, இன்னின்ன வேலை, இத்தனை மணி நேரம்’ என்று எழுதவேண்டும். மேலாளர் அல்ல என்பதை மட்டும் நிறுவி, மேற்பார்வையாளர் என்ற இடைவெளியில் விழுந்து, சம்பள வரம்பால் வெளியேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்கில் பாதி வென்றதற்குப் பயன் ஏதும் கிடையாது.

இந்தப் பட்டத்தால் என்ன போகிறது, என்ன வருகிறது என்பதைத் தொகையில் பார்த்தால் நிர்வாகம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்பது விளங்கும். தொழிலாளி என்றால், ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்ய, ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியத்தோடு, முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும். உங்களுக்கு 14,000 ரூபாய் வீதம் ஒன்பது ஆண்டுகளுக்கு 1,26,000 ரூபாய். அது தரப்படவில்லை. ஆட்குறைப்பு அல்ல, நடத்தைக் குற்றம் என்று நிர்வாகம் மாற்றிச் சொன்னால், குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் நீக்கியது ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் விடை சொல்லவேண்டியிருக்கும். இரண்டு வழியிலும் தீர்ப்பாயம் மீண்டும் வேலை தரவோ, அதற்குப் பதிலாக இழப்பீடு தரவோ ஆணையிடலாம். மேலாளர் என்றால் இவை எதுவும் கிடையாது. மிஞ்சுவது பணி ஒப்பந்தமும் உரிமையியல் நீதிமன்றமும்தான். தனிப்பட்ட சேவைக்கான ஒப்பந்தத்தைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்றச் சொல்ல நீதிமன்றங்கள் பொதுவாக முன்வருவதில்லை என்பதால், அங்கே கிடைப்பது பெரும்பாலும் முன்னறிவிப்புக் கால ஊதியத்தோடு நின்றுவிடும். அதை அவர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் இந்தச் சண்டைக்கு வெளியே இருக்கிறது. பணிக்கொடைக்கு மேலாளர், தொழிலாளி என்ற பேதம் இல்லை; ஐந்தாண்டு தொடர் பணி முடித்த எல்லாருக்கும் உண்டு. 28,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஒன்பதால் பெருக்கினால் சுமார் 1,45,385 ரூபாய். இதைத் தராமல் இழுத்தால் அதற்கென உள்ள அதிகாரியிடம் தனியாக மனு போடுங்கள். மற்ற வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வருங்கால வைப்புநிதியும் அப்படியே.

தமிழ்நாட்டில் இன்னொரு கதவு உண்டு. உங்கள் நண்பர்கள் யாராவது அதைச் சொல்லியிருக்கலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் பணிபுரிந்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்கமுடியாது என்கிறது. ஒரு மாத முன்னறிவிப்பும் அதில் உண்டு, மேல்முறையீடும் உண்டு. அந்தச் சட்டம் ‘மேலாண்மைப் பதவியில்’ இருப்பவரை மட்டுமே விலக்குவதால், தொழிலாளி இலக்கணத்தில் சம்பள வரம்பைத் தாண்டிய மேற்பார்வையாளருக்கு அங்கே இடம் கிடைக்கும். ஆனால் அது கடை, அலுவலகம், தொழிற்சாலையின் எழுத்தர் பிரிவு போன்றவற்றுக்கானது. உற்பத்திக் கூடத்தில் வேலை செய்த உங்களுக்கு அது பொருந்தும் என்று நான் நம்பவில்லை. அலுவலகக் கட்டடத்தில் இருந்தவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம்.

நீங்கள் செய்யவேண்டியது, முதலில் காகிதங்களைச் சேர்ப்பது. பதவி உயர்வு உத்தரவில் வேலைப் பட்டியல் இணைக்கப்பட்டிருந்தால் அது முதல் சான்று. ஷிப்ட் பதிவேட்டில் உங்கள் பெயர் எந்திர எண்ணுக்கு எதிரே எழுதப்பட்ட பக்கங்கள், முதல் துண்டுச் சோதனைத் தாள்களில் உங்கள் கையெழுத்து, ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று நீங்கள் எழுதி வேறொருவர் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிய விடுப்புச் சீட்டு ஆகியவை நிர்வாகத்திடமே இருக்கும். உங்களிடம் படி இல்லை என்றால், அவற்றைத் தாக்கல் செய்ய நிர்வாகத்துக்கு உத்தரவிடும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். உங்களோடு ஷிப்டில் நின்ற ஒருவரின் சாட்சியம் பல காகிதங்களைவிட வலுவானது. ஆனால் இன்னும் அங்கே வேலையில் இருப்பவரை அழைப்பதற்கு முன் அவருடைய நிலையையும் யோசியுங்கள். ‘முழுக் கணக்கும் தீர்ந்தது, இனி உரிமை ஏதுமில்லை’ என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் ‘ஆட்சேபணையுடன்’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

அதன்பின் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். தனி ஒருவரின் பணிநீக்கமும் தொழில் தகராறுதான்; சங்கம் துணைக்கு வரவேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டுகள் கடந்த தகராறில் அவர் சமரசம் நடத்தமாட்டார் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். சமரசம் தோற்றால், அந்த அறிக்கை கிடைத்த 90 நாள்களுக்குள் தீர்ப்பாயத்தை அணுகவேண்டும். அங்கே நிர்வாகம் முதலில் எழுப்பப்போவது ‘இவர் தொழிலாளியே அல்ல’ என்ற ஆட்சேபணைதான். அதை மட்டும் தனியாகப் பிரித்து முன்கூட்டியே விசாரிக்கக் கேட்பார்கள். அப்படிப் பிரித்து விசாரித்துத் தீர்ப்பு, மேல்முறையீடு என்று பத்தாண்டுக்கும் மேல் இழுத்த வழக்கு ஒன்றைக் கண்டித்து, எல்லாக் கேள்விகளையும் ஒன்றாகவே விசாரிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் சொன்னது. உங்கள் வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பை முதல் நாளிலேயே கையில் வைத்திருக்கட்டும்.