கோ ஆட்டத்தில் ஏணி எப்போது பலிக்காது?

"ஏணியில் துரத்திக்கொண்டே போனேன், கடைசியில் என் காய்களே சிதறிவிட்டன. ஏன்?"

உங்கள் ஏணியின் வழியில் எதிராளியின் காய் ஏதாவது இருந்திருக்கும். ஓடுவது கறுப்பு, துரத்துவது வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை ஒவ்வொரு முறையும் கறுப்பை ஒரே மூச்சுக்கு, அதாவது ஒட்டிய ஒரே காலிப் புள்ளிக்கு, இறக்குகிறது. கறுப்பு நீண்டால் இரண்டு மூச்சு. வெள்ளை அதில் ஒன்றை அடைக்கும். இந்தத் துரத்தல்தான் ஏணி. இப்படிப் படிப்படியாகப் பலகையின் ஓரம்வரை போனால் கறுப்பு மொத்தமாகச் சாகும்.

கீழ் இடது மூலையில் தொடங்கும் ஏணி மேல் வலது மூலையை நோக்கி ஏறும். அங்கே நட்சத்திரப் புள்ளியில், அதாவது பலகையில் பொட்டு வைத்துக் குறித்த புள்ளியில், ஒரு கறுப்புக் காய் இருந்தால், ஓடும் வரிசை அதைத் தொட்டதும் மூன்று மூச்சு கிடைத்துவிடும். அப்புறம் துரத்த முடியாது. வெள்ளையின் துண்டு துண்டான காய்களைக் கறுப்பு இரண்டிரண்டாக மிரட்டும். நஷ்டம் சாதாரணமல்ல!

அதற்காக ஏணியே வேண்டாம் என்றில்லை. முதல் அடிக்கு முன் கடைசிவரை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். வழியில் தடை இருந்தால் வலை போட முடியுமா என்று பாருங்கள்: ஒட்டி வைக்காமல், மூலைவாட்டில் சற்றுத் தள்ளி ஒரு காய். கறுப்பு எந்தப் பக்கம் நீண்டாலும் அடைபடும். தூரத்துக் காய் வலையைப் பாதிக்காது.

ஏணி பலிக்கும் நிலையிலும் கறுப்பு சும்மா இராது. ஏணியின் வழியில் தொலைவில் ஒரு காய் வைக்கும். வெள்ளை சிக்கிய காயை உடனே எடுத்தால், கறுப்புக்கு அந்தத் தொலைவு இடத்தில் தொடர்ந்து இரண்டாவது காய் வைக்க வாய்ப்பு கிடைக்கும்.