‘மேலும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பத்திகளை இணைப்பது பற்றிக் கேள்வி பதில்

கல்லூரி மாணவர்: என் கருத்துக் கட்டுரையில் பத்திகள் ஒட்டாமல் நிற்பதாகச் சொல்கிறார்கள். ‘மேலும்’, ‘எனினும்’, ‘எனவே’ போன்ற சொற்களை மனப்பாடம் செய்து ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் போட்டால் சரியாகிவிடும் அல்லவா?

நீங்கள் சொல்வது பாதி சரி. அந்தச் சொற்கள் வேண்டும். ஆனால் இரண்டு பத்திகளுக்கு இடையே ஏற்கெனவே இருக்கும் உறவை அவை காட்டுமே தவிர, இல்லாத உறவை உண்டாக்கித் தரமாட்டா. காரணமே சொல்லாமல் ‘எனவே’ என்று தொடங்கினால், வாசகர் அந்தக் காரணத்தைத் தேடி முந்தைய பத்திக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் நல்ல காரணத்தையும் ஐயத்தோடுதான் படிப்பார்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இணைப்புச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டு, நடுவில் உள்ள இரண்டு பத்திகளை இடம் மாற்றி வையுங்கள். கட்டுரை எங்கும் இடறவில்லை என்றால், நீங்கள் எழுதியிருப்பது வாதம் அல்ல, பட்டியல். வாதத்தில் முந்தைய பத்தி இல்லாமல் அடுத்த பத்தி நிற்க முடியாது.

பள்ளி ஆசிரியை: என் கட்டுரை அந்தச் சோதனையில் தோற்றுவிட்டது. ‘வீட்டுப்பாடத்தை ஒழிக்க வேண்டும்’ என்பது என் கருத்து. பிள்ளைகளின் தூக்கம் கெடுகிறது. மேலும், ஆசிரியர்களால் எல்லா நோட்டுகளையும் திருத்த முடிவதில்லை. அதுமட்டுமின்றி, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளை பின்தங்குகிறது. ஆனால் பயிற்சி அவசியம் என்று சிலர் சொல்கிறார்கள். இந்த வரிசையில்தான் எழுதினேன். எங்கிருந்து சரிசெய்வது?

பத்திக்கு ஒரு வாக்கியமாக நீங்கள் சுருக்கிவிட்டீர்கள். கடினமான வேலை அதுதான், அது முடிந்துவிட்டது. இனி அந்த நான்கு வாக்கியங்களையும் நான்கு துண்டுத்தாள்களில் எழுதி மேசைமேல் பரப்புங்கள். எந்த வாக்கியத்தைப் படித்ததும் வாசகர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது, அந்தக் கேள்விக்கு மற்ற மூன்றில் எது பதில் சொல்கிறது என்று பாருங்கள்.

நான் அடுக்கிப் பார்த்தபோது உங்கள் கடைசிப் பத்தி முதலில் வந்து நின்றது. பயிற்சி அவசியம் என்பதை ஒப்புக்கொண்டே தொடங்கலாம். உடனே, ‘எந்தப் பயிற்சியும் பயன் தருமா?’ என்ற கேள்வி எழுகிறது. தவறு திருத்தப்படாத பயிற்சி அந்தத் தவறையே பழக்கமாக்குகிறது. ஆசிரியரோ எல்லா நோட்டுகளையும் திருத்த முடியாத நிலையில் இருக்கிறார். இது இரண்டாவது பத்தி. அப்படியானால் யார் திருத்துவது? அந்தப் பொறுப்பு வீட்டின்மேல் விழுகிறது. சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள பிள்ளை தப்பிக்கிறது, இல்லாத பிள்ளை பின்தங்குகிறது. இது மூன்றாவது. அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? புரியாத கணக்கோடு இரவில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறது. தூக்கம் கெடுவது இங்கே நான்காவதாக வருகிறது.

இந்த வரிசையில் ஒரு ‘மேலும்’கூடத் தேவைப்படவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றும் நடந்திருக்கிறது: உங்கள் முடிவே மாறிவிட்டது. இந்த நான்கு பத்திகளும் ‘வீட்டுப்பாடத்தை ஒழிக்க வேண்டும்’ என்ற இடத்துக்குப் போகவில்லை. ‘ஆசிரியர் திருத்தக்கூடிய அளவுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும்’ என்ற இடத்துக்குப் போகின்றன. பத்திகள் ஒட்டாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்று என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். காரணங்கள் ஒரு முடிவை நோக்கிப் போகும், எழுதியவர் வேறொரு முடிவை அறிவித்திருப்பார். அந்த இடைவெளியை எந்த இணைப்புச் சொல்லாலும் மூட முடியாது.

புதிதாக எழுதுபவர்: பத்தியின் கடைசிச் சொல்லுக்கும் அடுத்த பத்தியின் முதல் சொல்லுக்கும் இடையே ஒற்று மிகுமா? இணைப்பு என்றதும் எனக்கு இந்த ஐயம் வந்தது.

மிகாது. முற்றுப்புள்ளியோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் புணர்ச்சி பார்க்க வேண்டியதில்லை. இங்கே நாம் பேசுவது எழுத்துகளின் இணைப்பை அல்ல, கருத்துகளின் இணைப்பை.

மொழிபெயர்ப்பாளர்: என் பத்திகளின் வரிசை சரியாகவே இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்திலும் படிப்பவர் தடுமாறுகிறார். பல பத்திகளை ‘இது’ என்றே தொடங்குகிறேன். அதுதான் காரணமா?

பெரும்பாலும் அதுதான். ஒரு பத்தி முழுவதும் பேசிவிட்டு ‘இது’ என்றால், எதைச் சுட்டுகிறீர்கள் என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கடைசி வாக்கியத்தையா, பத்தி முழுவதையுமா? சுட்டுச் சொல்லோடு ஒரு பெயரைச் சேருங்கள். ஆசிரியை அவர்களின் கட்டுரையில் மூன்றாவது பத்தியை ‘இது பிள்ளைகளைப் பாதிக்கிறது’ என்று தொடங்கினால் மொட்டையாக இருக்கும். ‘ஆசிரியர் திருத்தாமல் விட்ட இந்தத் தவறுகள் வீட்டுக்கு வந்து சேர்கின்றன’ என்று எழுதிப் பாருங்கள். முந்தைய பத்தியின் சாரம் வாக்கியத்தின் முன்பகுதியில் இருக்கிறது. புதிய செய்தி வினையை ஒட்டி வருகிறது.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் இந்த அமைப்பு நமக்கு இயல்பாகவே பொருந்துகிறது. தெரிந்ததை முன்னால் வைத்துத் தெரியாததை வினைக்கு அருகில் வையுங்கள். தலைகீழாகப் புதிய செய்தியில் தொடங்கினால், வாக்கியம் முடியும்வரை வாசகருக்குப் பிடிமானம் கிடைக்காது.

ஓய்வுபெற்ற பதிப்பாசிரியர்: முதல் வாக்கியத்தின்மேல் இவ்வளவு சுமையை ஏற்ற வேண்டுமா? முந்தைய பத்தியின் கடைசி வாக்கியத்திலேயே அடுத்ததைத் தொட்டுவிட வேண்டும் என்று நான் பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்திருக்கிறேன்.

உங்கள் முறையில் எழுதிய நல்ல கட்டுரைகளைப் படித்திருக்கிறேன், ஐயா. என் தயக்கம் ஒன்றுதான். கடைசி வாக்கியம் அந்தப் பத்தியின் கருத்து ஊன்றி நிற்க வேண்டிய இடம். அங்கே ‘அப்படியானால் திருத்துவது யார்?’ என்ற கேள்வியை வைத்தால் வேகம் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு பத்தியும் கேள்வியிலேயே முடிந்தால், எந்தக் கருத்தும் நிலைகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டுரையில் ஓரிடத்தில், வாதம் திரும்பும் இடத்தில் மட்டும், உங்கள் முறையைக் கையாள்வேன். நீங்கள் இதை ஏற்கமாட்டீர்கள் என்றும் தெரிகிறது.

பதிப்பாசிரியர்: ஏற்கவில்லைதான். கேள்வியாக இல்லாமல், ஒரு சொல்லாக விட்டுச் செல்லலாமே. கடைசி வாக்கியத்தில் ‘வீடு’ என்ற சொல் ஒருமுறை வந்தால் போதும், அடுத்த பத்தி அதைப் பிடித்துக்கொள்ளும்.

அப்படிச் செய்தால் எனக்கு மறுப்பில்லை. என் முறையைவிட அது மென்மையாகவும் இருக்கிறது.

பள்ளி ஆசிரியை: புதிய வரிசையில் எழுதிப் பார்த்தேன், சரளமாகப் போகிறது. ஆனால் எதிர்க்கருத்தை முதலிலேயே வைத்துவிட்டால், என் பக்கம் வலுவிழந்துவிடாதா? தூக்கத்தில் தொடங்கினால் படிப்பவர் மனம் உடனே இளகுமே?

உங்களை ஏற்காதவர்கள் படிக்கப்போகும் கட்டுரை என்றால், ஒப்புக்கொண்டு தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு எழுதினால் தூக்கத்தில் தொடங்கலாம். இதில் அனுபவமுள்ளவர்களே வேறுபடுகிறார்கள்.

தூக்கத்தை முதலில் வைத்தால், அதைக் காரணமாக வைக்காமல் காட்சியாக வையுங்கள்: இரவு பத்து மணி, திறந்த நோட்டு, மூன்றுமுறை அழித்து எழுதிய ஒரே கணக்கு. பிறகு ‘இந்தப் பிள்ளைக்குப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை’ என்று அடுத்த பத்தியைத் தொடங்குங்கள். அந்த ‘இந்தப் பிள்ளை’ இரண்டு பத்திகளையும் கட்டிவிடும். நான்காவது பத்தியில் அதே நோட்டும் அதே கணக்கும் திரும்பி வரட்டும். அப்போது அந்தக் கணக்கை யாரும் திருத்தித் தரவில்லை என்பது வாசகருக்குத் தெரிந்திருக்கும்.