தகர வாளிக்குத் தோலுரித்து நிறம் பூசுதல்: கேள்வி பதில்

எல்லாக் கேள்விக்கும் ஒரே வாளியை வைத்துப் பதில் சொல்கிறேன். என் குறும்படத்தின் கிணற்றடிக் காட்சிக்காக பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்தது. தோலுரிப்பது என்றால், நிறம் பூச வசதியாக வாளியின் மேற்பரப்பை வெட்டித் தட்டையாக விரிப்பது. வாய் 30 செ.மீ. விட்டம், அடி 20, உயரம் 28, சுற்றிலும் 12 பக்கம்.

டெக்ஸ்ச்சர் படத்தில் நேர்கோடாக ஒரு நீலப் பட்டை போட்டேன். வாளியில் அது வில் மாதிரி வளைகிறது. ஏன் சார்?

குடைப்பாவாடைத் துணியை வெட்டும்போது பார்த்திருப்பீர்கள், விரித்தால் விசிறி மாதிரி இருக்கும். மேலே அகன்று கீழே குறுகும் வாளிச் சுவரும் அப்படித்தான். என் வாளியின் சுவர் கிட்டத்தட்ட 63 டிகிரி விசிறியாக விரிகிறது. விசிறியின் குறுக்கே நேர்கோடு இழுத்தால் வாளியில் அது வளையத்தான் செய்யும்.

அந்த விரிப்பைக் காட்டும் யூவி எடிட்டரில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, அதன் நெடுக்கு ஓரங்களை ஒவ்வொன்றாக `S X 0`, குறுக்கு ஓரங்களை ஒவ்வொன்றாக `S Y 0` அடித்து செவ்வகமாக்குங்கள். அப்புறம் சுவர் முழுவதையும் தேர்ந்தெடுத்து, அந்தச் செவ்வகத்தைக் கடைசியாகச் சொடுக்கி, `U` மெனுவில் Follow Active Quads கொடுங்கள். விசிறி நீளப் பட்டையாகிவிடும். இதற்கும் ஒரு விலை உண்டு. வாய்ப்பக்கம் டெக்ஸ்ச்சர் சுமார் 20 சதவீதம் இழுபடும், அடிப்பக்கம் அதே அளவு நெருங்கும். பழைய தகரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கட்டம் போட்ட துணி என்றால் உடனே தெரியும்.

நேராக்கிவிட்டேன், பட்டை சரி. ஆனால் மேலிருந்து வழியும் துருக்கறை ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒடிகிறது.

ஒவ்வொரு பக்கமும் மேலே 7.8 செ.மீ., கீழே 5.2 செ.மீ. அதைச் செவ்வகமாக அடைத்துவிட்டோம். திரையில் அது இரண்டு முக்கோணமாகத்தான் வரையப்படும். ஒவ்வொரு முக்கோணமும் தன் பாட்டுக்கு டெக்ஸ்ச்சரை இழுப்பதால் மூலைவிட்டத்தில் ஒடிவு வருகிறது. குறுக்குப் பட்டை தப்பிவிடும், நெடுக்குக் கோடுதான் மாட்டும்.

நேராக்குவதற்கு முன்பே `Ctrl+R` அடித்து சுவரில் மூன்று வளையம் சேருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் 2.6-லிருந்து 0.65 செ.மீ. ஆகிவிடும், ஒடிவு கண்ணுக்குப் படாது. குறைந்த பக்கங்களில் செய்யும் லோ-பாலி பாணி கெட்டுவிடுமே என்று கவலை வேண்டாம், வாளியின் உருவக்கோடு மாறவில்லை. இன்னொரு வழி, கறையைத் தட்டைப் படத்தில் வரையாமல் Texture Paint-இல் வாளியின் மேலேயே தீற்றுவது. நான் பட்டையைப் படத்திலும் கறையை வாளியிலும் போடுகிறேன்.

சீம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று படித்தேன். அதனால் அடித்தட்டைச் சுவரோடு ஒட்டியே விட்டேன். சரிதானே?

பாதி சரி. சீம் என்பது விரிப்பதற்காக வெட்டும் கோடு. கேமரா பார்க்கும் இடத்தில் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடித்தட்டை வெட்டாமல் விட்டால், 63 டிகிரியில் விரிய வேண்டிய சுவர் தட்டைச் சுற்றி ஒரு முழு வட்டமாக விரிந்தாக வேண்டும். சதுரக் கட்டம் போட்ட சோதனைப் படத்தை ஒட்டிப் பாருங்கள், விளிம்பில் கட்டங்கள் ரப்பர் மாதிரி இழுபட்டிருக்கும். அடி விளிம்பில் ஒரு சீம், வாய் விளிம்பில் ஒன்று, சுவரில் மேலிருந்து கீழ் ஒன்று. நிஜத் தகர வாளியில் தகடு மடிந்து சேரும் மூட்டு இருக்குமே, கடைசிச் சீமை அங்கேயே வையுங்கள். அங்கே நிறம் கொஞ்சம் சேராமல் போனாலும் அழகுதான்.

என் மொபைல் கேமில் வாளிக்கு 256 பிக்சல் டெக்ஸ்ச்சர் போதும் என்கிறார்கள். நீங்கள் ஏன் 2048 போட்டீர்கள்?

உங்களுடையது கேம், என்னுடையது குறும்படம். கேமில் மெமரிக்குப் பயப்படுகிறார்கள், அவர்கள் சொல்வது அங்கே நியாயம். எனக்கு ஷாட்தான் கணக்கு. 1080 உயரத் திரையில் வாளி பாதியை அடைத்தால் 540 பிக்சல். 1024 படத்தில் சுவர்ப் பட்டையின் உயரம் 360 பிக்சல்தான் தேறும், குளோசப்பில் மங்கும். 2048-இல் 720 கிடைக்கிறது. வாளி தூரத்திலேயே கிடக்கும் படமாக இருந்தால் நானும் 512-இல் முடித்திருப்பேன்.

இரண்டு மணி நேரம் பூசினேன். கோப்பைச் சேமித்தேன். மறுநாள் திறந்தால் வாளி கறுப்பு.

அடடா. `.blend` கோப்பைச் சேமித்தால் படமும் சேர்ந்து சேமிக்கப்படும் என்று நம்பக் கூடாது. இமேஜ் எடிட்டரில் Image மெனுவில் தனியாக Save கொடுக்க வேண்டும். அந்த மெனுவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி தெரிந்தால் இன்னும் சேமிக்கவில்லை என்று அர்த்தம். நானும் இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்தவன்தான்.

வாளிக்குள் இருட்டை டெக்ஸ்ச்சரிலேயே பூசிவிடலாமா அண்ணா? லைட் பார்த்துக்கொள்ளும் என்கிறான் என் நண்பன்.

இதில் எனக்கும் என் லைட்டிங் பையனுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. உள்சுவரின் கீழ்ப்பாதியில் லேசாகக் கருநீலம் பூசினால் லோ-பாலிக்கு ஒரு கனம் வருகிறது என்பது என் கட்சி. ஆனால் மூன்றாவது ஷாட்டில் வாளி கவிழ்ந்து வெயிலில் உருள்கிறது. வெயில் நேராக உள்ளே விழுந்தும் அடியில் இருட்டு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போதைக்கு அந்த ஷாட்டுக்கு மட்டும் இருட்டு இல்லாத இன்னொரு படம் வைத்திருக்கிறேன். அவன் இதைக் குறுக்குவழி என்கிறான்.